ஒரு தவறுக்கு ஒரு மதிப்பெண்

விரைவு விகிதம் பற்றிய 3 மதிப்பெண் வினா. வரையறை, சூத்திரம், எடுத்துக்காட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 என்று விடைக்குறிப்பு சொல்கிறது. தென்காசிப் பக்கத்து மாணவி ஒருத்தி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வரையறை சரி. சூத்திரத்தில் விரைவுச் சொத்துகளைக் காண, நடப்புச் சொத்துகளிலிருந்து சரக்கிருப்பை மட்டும் கழித்திருக்கிறாள். முன்கூட்டிச் செலுத்திய செலவை விட்டுவிட்டாள். எடுத்துக்காட்டுக்குக் குற்றால சீசனில் துண்டு விற்கும் கடையைத் தானே அமைத்திருக்கிறாள்: நடப்புச் சொத்துகள் ₹3,00,000. அதில் துண்டுச் சரக்கு ₹80,000, முன்கூட்டிக் கட்டிய கடை வாடகை ₹20,000. நடப்புப் பொறுப்புகள் ₹1,00,000. அவள் கண்ட விடை 2.2 : 1. சரியான விடை 2 : 1.

விடை தவறு என்பதால் எடுத்துக்காட்டுக்கும் சுழியம் போட்டு, மொத்தம் 1 தருபவர்கள் நம்மில் பலர். நான் 2 தருவேன். வாடகையைக் கழிக்காத தவறு சூத்திரத்திலேயே நடந்துவிட்டது. அதற்குரிய மதிப்பெண்ணும் அங்கேயே போய்விட்டது. எடுத்துக்காட்டில் அவள் தன் சூத்திரத்தைப் பிசகாமல் பயன்படுத்தியிருக்கிறாள். சூத்திரத்தைச் சரியாக எழுதியவள் கணக்கில் வாடகையை மறந்திருந்தால்தான் எடுத்துக்காட்டு மதிப்பெண் போகும். இரண்டு தாளுக்கும் மொத்தம் 2தான் என்றாலும் ஓரத்தில் 1, 0, 1 என்றும் 1, 1, 0 என்றும் தனித்தனியே குறிக்க வேண்டும். அப்போதுதான் முதல் மாணவிக்குச் சூத்திரத்தையும், இரண்டாமவளுக்குப் பயிற்சியையும் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். மறுபார்வை பார்ப்பவருக்கும் காரணம் புரியும்.

இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. சரக்கிருப்பையே கழிக்காமல் 3 : 1 என்று எழுதினால் அது நடப்பு விகிதம். வேறொரு விகிதத்துக்கான எடுத்துக்காட்டுக்கு மதிப்பெண் தர முடியாது.

வரையறையில்தான் சிக்கல் அதிகம். விரைவுச் சொத்துகளுக்கும் நடப்புப் பொறுப்புகளுக்கும் உள்ள விகிதம் என்பதே வழக்கமான வரையறை. அது சூத்திரத்தைச் சொற்களில் சொல்வதுதான். மாணவர் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினால் வரையறைக்கு 1 கொடுத்தே ஆக வேண்டும். அதே வாக்கியத்துக்குச் சூத்திர மதிப்பெண்ணையும் கேட்க முடியாது. விரைவுச் சொத்துகள் எவற்றைக் கழித்தபின் வருபவை என்று எழுதியவருக்கே அது உரியது.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்துக்காட்டில் சரக்கிருப்பு இடம்பெற வேண்டும் என்று குறிப்பிலும் வினாவிலும் எழுதிவிடுங்கள். ரொக்கமும் கடனாளிகளும் மட்டுமே உள்ள கணக்கில் நடப்பு விகிதமும் விரைவு விகிதமும் ஒரே எண்ணாக வரும். எதைக் கழிக்க வேண்டும் என்று அறியாத மாணவரும் எடுத்துக்காட்டுக்குரிய மதிப்பெண்ணைப் பெற்றுவிடுவார்; எடுத்துக்காட்டை வைத்து அதைக் கண்டுபிடிக்கத் திருத்துபவருக்கு வழியே இருக்காது.