உள்ளத்தில் ஒரு மொழி, நாவில் ஒரு மொழி

நம் கல்லூரியிற் சேரும் மாணவர்களுட் பலர், பள்ளியில் எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே கற்று வந்தவர்கள். அவர்கள் ஆங்கில இலக்கணத்திற் குறைந்தவரல்லர். எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவர். ஆயினும் வாய்மொழித் தேர்விலே ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டவுடன் திகைத்து நின்றுவிடுகின்றனர். விடை அறியாத மாணவனும், விடையறிந்தும் அதனைச் சொல்ல இயலாத மாணவனும் தேர்வாளர் கண்ணுக்கு ஒருவரே போல் தோன்றுகின்றனர். இஃது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை அனுபவித்தவர்களே அறிவர். இவ்விடர்ப்பாட்டிற்குக் கூச்சமே காரணம் என்று பலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சொல்லவேண்டியதை முதலில் தமிழில் அமைத்துக்கொண்டு, பின்பு அதனை ஆங்கிலமாக்க முயல்வதே இதன் மூலகாரணம் என்பது நமது துணிபு.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். “நேற்று நூல்நிலையத்தில் நீங்கள் கொடுத்த புத்தகத்தை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை” என்று ஒரு மாணவன் தன் ஆசிரியரிடம் சொல்ல விரும்புகிறான் என்க. இதனையே ஆங்கிலேயர், “ஐ ஹாவ் நாட் ஃபினிஷ்ட் தி புக் யூ கேவ் மீ இன் தி லைப்ரரி எஸ்டர்டே” என்பர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. தமிழில் முதலில் நிற்கும் ‘நேற்று’ ஆங்கிலத்தில் இறுதிக்குச் சென்றுவிட்டது. தமிழில் இறுதியில் வரும் ‘முடிக்கவில்லை’ என்னும் வினை, ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதை அடுத்து வந்து நிற்கிறது. ‘நீங்கள் கொடுத்த’ என்னும் அடை, தமிழிற் புத்தகத்திற்கு முன்னும் ஆங்கிலத்தில் அதற்குப் பின்னும் அமைகிறது. எனவே, மனத்துள் மொழிபெயர்ப்பவன் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்வரையில் வாய் திறத்தல் இயலாது. முழு வாக்கியத்தையும் நினைவில் தாங்கிக்கொண்டு, அதனைத் தலைகீழாகத் திருப்பிய பின்னரே அவன் பேசத் தொடங்கவேண்டும். வாக்கியம் நீள நீள, இச்சுமை தாங்கவொண்ணாததாகிறது. காகிதத்தில் எழுதும்போது இதற்கு அவகாசம் உண்டு, உரையாடலில் இல்லை.

மொழிபெயர்த்துப் பேசுகிறோமா என்பதை எங்ஙனம் அறிவது? அதற்குச் சில அடையாளங்கள் உள. “நீ வரவில்லையா?” என்று தமிழிற் கேட்டால், “ஆம், வரவில்லை” என்கிறோம். அப்பழக்கத்தால் ஆங்கிலத்திலும் ‘எஸ்’ என்று விடுப்போமாயின், கேட்டவர் நாம் வருவதாகவே பொருள் கொள்வர். அங்கே ‘நோ’ என்பதே முறை. இனி, ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களை எண்ணுக. எனக்கு இரண்டு தம்பிமார் உண்டு, எனக்குத் தெரியும், எனக்குப் புத்தகம் வேண்டும் என்பன அனைத்தும் ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றே தொடங்குவன. இவற்றைச் சொல்லப் புகும்போது ‘டு மீ’ என்பது நம் நாவின் நுனியில் வந்து தடுமாறுமாயின், உள்ளே தமிழ் ஓடுகிறது என்பது தெளிவு.

மற்றோர் அடையாளமும் உண்டு. அன்று நிகழ்ந்தவற்றை இரண்டு நிமிஷம் ஆங்கிலத்திற் பேசி, அதனைக் கைபேசியிற் பதிவு செய்து கேட்டுப் பார்க்க. இடையில் ஒரு சொல்லின் முன் மட்டும் தயங்கியிருப்பின், அச்சொல் தெரியவில்லை என்பதே பொருள். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் நெடுநேரம் மௌனம் நிலவுமாயின், அம்மௌனத்தில் மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முன்னதற்கு மருந்து சொற்பயிற்சி. பின்னதற்கு மருந்து வேறு.

அம்மருந்தைத் தம் தோல்வியினாற் கண்டறிந்தவர், பிரான்ஸ் தேசத்து ஆசிரியரான பிரான்ஸுவா குவான் என்பவர். அவர் ஜெர்மன் பாஷையைக் கற்க விரும்பி ஹாம்பர்க் நகரத்திற்குச் சென்று, இலக்கணத்தையும், பின்னர் அகராதியையுமே மனப்பாடம் செய்தார். எனினும் பிறர் பேசுவதை அவரால் அறிந்துகொள்ள முடியவில்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பியவர், ஏறக்குறைய 3 வயதுள்ள தம் மருகன் மாவரைக்கும் ஆலையொன்றைப் பார்த்து வந்து, அங்குக் கண்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்டிப் பேசி விளையாடுவதைக் கண்டார். குழந்தைக்குச் சொல்லானது செய்கையோடு ஒட்டி வருகிறது. மற்றொரு சொல்லோடு ஒட்டி வருவதில்லை என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று. இதனை அடிப்படையாகக் கொண்டு அவர் இயற்றிய நூல் 1880-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அம்முறையை நாம் விடுதி அறையிலேயே கையாளலாம். தண்ணீர் குடிக்கும்போது, ஒவ்வொரு செய்கையையும் செய்துகொண்டே அதற்குரிய சிறு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்க: “ஐ டேக் தி டம்ளர். ஐ ஃபில் இட். ஐ டிரிங்க் தி வாட்டர். ஐ வாஷ் தி டம்ளர். ஐ புட் இட் பேக்.” கையில் டம்ளர் இருக்கும்போது ‘டம்ளரை எடுக்கிறேன்’ என்று தமிழில் நினைக்கவேண்டிய அவசியம் இல்லை, செய்கையே ஆங்கிலச் சொல்லை அழைத்துவிடுகிறது. வினை இரண்டாம் இடத்தில் நிற்கும் அமைப்பும், விதியாக அன்றிப் பழக்கமாகவே படிகிறது. மறுநாள் அதே செய்கைகளை நேற்று நடந்தவையாக மாற்றிச் சொல்க. துணி மடித்தல், அறை பூட்டுதல், பேருந்து ஏறுதல் என்று இவ்வாறே விரித்துக்கொண்டு செல்லலாம். தெரியாத சொல் குறுக்கிட்டால், உடனே தமிழ்ச் சொல்லைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுதல் கூடாது. வடிகட்டிக்கு ஆங்கிலப் பெயர் தெரியாதவன், “தி திங் வி யூஸ் ஃபார் டீ” என்று சுற்றிச் சொல்லிவிட்டு மேலே செல்லட்டும். தன்னிடம் உள்ள ஆங்கிலத்தைக் கொண்டே சிந்திப்பது என்பது இதுவே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. செய்துகாட்டக்கூடியவற்றிற்கே இது பொருந்தும். ‘நீதி’, ‘ஐயம்’ போன்ற கருத்துக்களை எவரும் கையால் எடுத்துக் காட்ட முடியாது. அத்தகைய சொல் ஒன்றிற்குத் தமிழ்ப்பொருளை ஒருமுறை கேட்டறிவது குற்றமன்று. அதனை விலக்கிச் சைகையாலும் சுற்றுரையாலும் ஒரு மணி நேரம் விளக்குவதே வீண். கேட்டறிந்தபின், அச்சொல் வரும் 3 அல்லது 4 முழு வாக்கியங்களைச் சொல்லிப் பழகுதல் வேண்டும். 1994-இல் ஜூடித் குரோல், எரிக்கா ஸ்டூவர்ட் என்னும் உளநூலார் இருவர் வெளியிட்ட கொள்கையும் இதற்கு அரணாகிறது. கற்கத் தொடங்குவோனிடம் புதுமொழிச் சொல் தாய்மொழிச் சொல்லைப் பற்றி நிற்கிறது என்றும், தேர்ச்சி வளர வளர அது பொருளோடு நேரே பிணைகிறது என்றும் அவர்கள் கூறினர். ஆதலின், தொடக்கத்தில் மொழிபெயர்ப்பது அறிவின்மையன்று. என்றும் அந்நிலையிலேயே தங்கிவிடுவதே குறை.

தமிழை மறந்தாலன்றி ஆங்கிலம் வாராது என்று சிலர் மாணவர்களை அச்சுறுத்துகின்றனர். விடுதியில் தமிழ் பேசினால் அபராதம் விதிக்க வேண்டும் என்போரும் உளர். இதனை நாம் அறவே மறுக்கிறோம். இரு மொழி அறிந்தவன் ஒன்றிற் பேசும்போதும் மற்றது அவன் உள்ளத்தில் முற்றிலும் உறங்கிவிடுவதில்லை என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுவோரிற் பலர் இன்றும் பணத்தைத் தமிழிலேயே எண்ணுகின்றனர். அதனால் அவர்கள் பேச்சிற்கு யாதொரு பழுதுமில்லை. நாம் வேண்டுவது தமிழை உள்ளத்தினின்று வெளியேற்றுவதன்று. ஆங்கிலச் சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இடையே தமிழைத் தரகனாக நிறுத்தாமையே.

ஆகவே, அடுத்த வாய்மொழித் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் மாணவர், வினாவிடைகளை உருப்போடும் நேரத்திற் கால்மணியை இதற்கென ஒதுக்குவாராக. அன்று ஆய்வுக்கூடத்தில் தாம் செய்த சோதனையை, கருவியை எடுத்தது முதல் கழுவி வைத்தது வரையில், சிறு சிறு ஆங்கில வாக்கியங்களால் தமக்குத் தாமே சொல்லிப் பார்ப்பாராக. தேர்வாளர் கேட்கப்போவதும் பெரும்பாலும் அதனையே அன்றோ?