ஒற்றை விடை என்னும் மயக்கம்

வன்னியில் உயர்தரக் கணிதம் கற்பிக்கப்படும் முறையில் ஒரு பெருங்குறை வேரூன்றியுள்ளது. சிக்கலெண்ணின் மட்டு ஒரு பாடம், உடன்புணரி மற்றொரு பாடம், அடுக்கு வேறொரு பாடம் என மூன்றும் மூன்று தனிப் பெட்டிகளாக மாணவன் கையில் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சூத்திரம். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் ஒரு மாதிரி விடை. மூன்றும் ஒரே பொருளின் மூன்று முகங்கள் என்பதை மாணவன் அறியாமலே பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகிறான். அங்கேதான் அவன் தோற்கிறான்.

இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளில் பகுதி அ பத்து வினாக்களைக் கொண்டது. பகுதி ஆ வின் ஏழு வினாக்களுள் ஐந்துக்கு விடையளித்தல் வேண்டும். அவ்வேழனுள் 13 ஆம் வினா பெரும்பாலும் சிக்கலெண்ணைத் தழுவியே அமைந்து வந்துள்ளது. எனவே, இப்பகுதியைக் கைவிடும் மாணவன் தன் தெரிவைத் தானே குறுக்கிக் கொள்கிறான். கைவிடாது மனனஞ் செய்பவனின் நிலையும் அதனினும் மேலானதன்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் நிறுவலாம்.

m, n என்பன நேர் நிறைவெண்கள். (1 + i)ᵐ (1 − i)ⁿ = 64 ஆயின் m, n ஆகியவற்றின் பெறுமானங்கள் யாவை? பரீட்சை வினாக்களின் சாயலில் அமைந்த எளிய கணக்கு இது. மாதிரி விடைகளில் ஊறிய மாணவன் இதனைக் கண்டதும் மகிழ்கிறான். இரண்டு காரணிகளும் ஒன்றற்கொன்று உடன்புணரி; அவற்றின் பெருக்கம் 2; 2 இன் ஆறாம் அடுக்கு 64; ஆகவே m = 6, n = 6. இரண்டே வரிகளில் விடை முடிந்தது. பிரதியிட்டுப் பார்க்கிறான், பொருந்துகிறது. மனநிறைவோடு அடுத்த வினாவுக்குச் செல்கிறான்.

அவன் எழுதிய விடை பிழையன்று, குறைவுடையது. பிழையான விடையைப் பிரதியிட்டுக் கண்டுபிடிக்கலாம். குறைவுடைய விடையைப் பிரதியிட்டுக் கண்டுபிடிக்க இயலாது. அதுவே இதன் கொடுமை. அம்மாணவன் தன்னைத் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: m உம் n உம் சமம் என்பது எங்கிருந்து வந்தது? வினா அவ்வாறு கூறவில்லை. அவனே அதனைக் கற்பித்துக் கொண்டான்.

சிக்கலெண்ணை ஆகண் வரிப்படத்தில் ஒரு புள்ளியாகக் கண்டு பழகியவன் வேறு வழியில் செல்வான். 1 + i என்பது உற்பத்தியிலிருந்து √2 தூரத்தில், மெய்யச்சுக்கு மேலே 45 பாகையில் நிற்கிறது. அதன் உடன்புணரி அச்சிலே விழுந்த அதன் விம்பம்: தூரம் அதுவே, கோணம் மட்டும் மறுதலையாக −45 பாகை. உடன்புணரி என்பது வெறும் குறிமாற்றமன்று. அளவு மாறாது திசை எதிராகும் துணை. பெருக்கும்போது மட்டுகள் பெருகுகின்றன, வீசல்கள் கூடுகின்றன. அடுக்கு என்பதோ அப்பெருக்கலின் மீள்செயலே. ஆகவே, இடப்பக்கத்தின் மட்டு √2 இன் (m + n) ஆம் அடுக்கு. அதன் வீசல் 45(m − n) பாகை.

64 என்பது √2 இன் 12 ஆம் அடுக்கு. எனவே m + n = 12. மட்டு தரக்கூடிய செய்தி இவ்வளவே. இரண்டாவது செய்தியை வீசலிடமிருந்தே பெறல் வேண்டும். 64 நேர் மெய்யச்சில் உள்ளது; அதன் வீசல் பூச்சியம். ஆனால், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தவனும் அதே இடத்திலேயே நிற்கிறான். வீசல் 360 பாகையாயினும் −360 பாகையாயினும் புள்ளி மாறுவதில்லை. ஆதலால், m − n என்பது 0 ஆகலாம், 8 ஆகலாம், −8 ஆகலாம். 16 எனக் கொண்டால் n மறையெண்ணாகிவிடும். வினா அதனை அனுமதியாது. எனவே விடைகள் மூன்று: (6, 6), (10, 2), (2, 10).

ஐயமுறுவோர் கையாலேயே சோதிக்கலாம். (1 + i)² = 2i; அதன் ஐந்தாம் அடுக்கு 32i. (1 − i)² = −2i. இரண்டின் பெருக்கம் 64. வலப்பக்கத்தில் 64 க்குப் பதிலாக −64 என எழுதினால் மனனக்காரனின் வழி முற்றாக அடைபட்டுவிடும். உடன்புணரிகளைச் சோடி சேர்த்துப் பெருக்குவதால் மட்டும் மறையெண் ஒருபோதும் வாராது. விடையே இல்லை என்று அவன் எழுதுவான். வீசலை அறிந்தவனோ m − n என்பது 4 அல்லது −4 எனக் கண்டு (8, 4), (4, 8) என்னும் இரண்டு விடைகளையும் எழுதுவான்.

“வன்னி மாணவனுக்கு இத்தனை விளக்கம் எதற்கு? ஆசிரியர் போதாது, காலம் போதாது, சூத்திரத்தைக் கொடுத்துப் புள்ளியைப் பெறச் செய்வதே புண்ணியம்” என்பர் சிலர். இவர்கள் கூறும் நிலை பொய்யன்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2009 இன் பேரழிவுக்குப் பின் பள்ளிக்கூடங்கள் வெறும் நிலத்திலிருந்து எழவேண்டியிருந்தன. அவர்கள் பெறும் முடிவே பொய். சூத்திரமோ ஆளுக்கு ஆள், வினாவுக்கு வினா பெருகிக்கொண்டே போகும். மனனஞ் செய்யக் காலம் போதாதவனுக்கு அதுவே பெருஞ்சுமை. தூரம் பெருகும், கோணம் கூடும் என்னும் ஒரே உண்மைக்கு ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். வறுமையைக் காட்டி விளக்கத்தை மறுப்பவர், வறியவனிடமிருந்து இரண்டாம் முறையும் பறிக்கிறார்.

வினாத்தாளும் குற்றத்தினின்று முற்றாக நீங்கியதன்று. இதனைக் காட்டுக, அதிலிருந்து அதனை உய்த்தறிக என்று படிப்படியாக மாணவனைக் கைபிடித்து நடத்தும் வினா, அவன் தானாக நடக்க வல்லவனா என்பதை அளப்பதில்லை. “வீசல்களைச் சமப்படுத்துக” என்ற குறிப்பை நீக்கிப் பாருங்கள். எத்தனை பேர் அதனை நினைப்பர் என்பது தெரியவரும்.

இக்குறை பரீட்சையோடு முடிவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டைப் பெறுவன. அந்த வாயிலால் நுழைந்து, அதே கிளிநொச்சியின் அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தை அடையும் மாணவனை ஆடலோட்ட மின் காத்திருக்கிறது. அங்கே மின்னழுத்தமும் சிக்கலெண், மின்னோட்டமும் சிக்கலெண். வலுவைக் காண மின்னழுத்தத்தை மின்னோட்டத்தின் உடன்புணரியால் பெருக்குவர். ஏன் உடன்புணரி? நேரே பெருக்கினால் இரு கோணங்களும் கூடிவிடும். கூட்டுத்தொகையோ நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மாறும். உடன்புணரியால் பெருக்கினால் கோணங்களின் வித்தியாசம் கிடைக்கும். உண்மையில் வலுவைத் தீர்மானிப்பது அதுவே. உடன்புணரியைக் குறிமாற்றமாக மட்டும் கற்றவனுக்கு இவ்விடத்தில் விரிவுரை இருண்டுவிடும். ஒதுக்கீடு வாயிலைத் திறக்கும்; உள்ளே நடப்பதற்குக் கால்களைத் தராது.

எனவே, சிக்கலெண்ணின் முதல் வகுப்பு வரிப்படத்தில் தொடங்கட்டும். சூத்திரம் அதிலிருந்து பிறக்கட்டும். (6, 6) என எழுதிய மாணவனுக்கு “சரி” என்று கோடிட்டு அனுப்பும் ஆசிரியர், கைப்பிடித்த பேனாவை ஒரு கணம் நிறுத்தி, “மற்ற இரண்டும் எங்கே?” என்று கேட்கட்டும்.