துணை அட்டை பிள்ளை கையில், கடன் தகப்பன் தலையில்!

தோழர்களே! ராயபுரம் முதல் எண்ணூர் வரை கம்பெனி வாசல்களில் கிரெடிட் கார்டு விற்க வரும் ஆட்கள் இப்பொழுது புதுப் பல்லவி பாடுகிறார்கள். "உங்கள் பிள்ளைக்கும் துணை அட்டை வாங்குங்கள், அவனுக்குக் கடன் பழக்கம் வரும், அவன் பேரில் நல்ல பெயர் சேரும்" என்பதே அந்தப் பல்லவி.

உண்மை என்ன? பதினெட்டு நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே அவன் பேரில் வங்கி கடன் தராது. தகப்பனின் கார்டில் ஒட்டிய துணை அட்டையைத்தான் தரும். சில வங்கிகள் பதினைந்து வயதிலேயே தருகின்றன. செலவு பிள்ளையுடையது, பொறுப்பு முழுவதும் தகப்பனுடையது. ரிசர்வ் வங்கியின் விதியே இதைச் சொல்கிறது. பாக்கி விழுந்தால் கெடுவதும் தகப்பனின் பெயர்தான்!

கணக்கைப் பாருங்கள். பிள்ளை 20,000 ரூபாய்க்குப் போன் வாங்கிவிட்டான். பில்லில் குறைந்தபட்சத் தொகை 1,000 என்றிருக்கிறது. "ஆயிரம் போதுமாம்" என்று தகப்பன் கட்டுகிறார். மாதம் மூன்றரை வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 700 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 126. ஆக 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிற்று. அசலில் கழிந்தது 174 ரூபாய்தான்! பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும்.

மூன்றரை வட்டி என்றால் வருஷத்துக்கு 42 சதவீதம். முப்பதுக்கு மேல் வாங்குவது அநியாயம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியது. 2024 டிசம்பர் 20 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த வரம்பை ரத்து செய்தது. மீட்டர் வட்டிக்காரனைத் தண்டிக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கோட்டு சூட்டுப் போட்டவனுக்கு வரம்பே இல்லை!

அப்படியானால் பிள்ளைக்குக் கடன் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாமா? வேண்டும். துணை அட்டை வாங்கினால், மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாதபடி அதற்குத் தனி வரம்பு வைக்கச் சொல்லுங்கள். அப்படி வரம்பு வைக்காத வங்கியின் துணை அட்டை வேண்டவே வேண்டாம். ஆன்லைன் உபயோகத்தை வங்கியின் ஆப்பிலேயே அடைத்து வைக்கலாம். பில் வந்ததும் பிள்ளையை உட்காரவைத்து, 'மொத்தத் தொகை' எது, 'குறைந்தபட்சத் தொகை' எது என்று அவன் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். மொத்தத்தையும் கெடு தேதிக்குள் கட்டுங்கள்.

பதினெட்டு முடிந்தபின் அவன் பேரிலேயே சிறு டெபாசிட் போட்டு, அதன் ஈட்டில் கார்டு வாங்கலாம். வரம்பு டெபாசிட்டுக்குள் நிற்கும். அவன் பெயரில் கடன் வரலாறு தொடங்குவது அங்கேதான், துணை அட்டையில் அல்ல. கட்டத் தவறினால் டெபாசிட் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கார்டு விற்பவன் இதைச் சொல்லமாட்டான். நாம்தான் சொல்லவேண்டும்!