நடு நிரைக்குள் அடங்காத 51.8 செக்கன்

விளையாட்டு விஞ்ஞானம் படிக்கிற யாருடைய கொப்பியைத் திறந்தாலும் ஒரு பக்கத்துல இந்த அட்டவணை இருக்கும். "சக்தித் தொகுதிகள்" என்று தலைப்பு, அதுக்குக் கீழே மூன்று நிரை. முதலாவது பொஸ்போகிரியேட்டின்: 0 முதல் 10 செக்கன், உதாரணம் 100 மீற்றர். இரண்டாவது இலக்டிக் அமிலத் தொகுதி: 10 செக்கன் முதல் 2 நிமிடம், எரிபொருள் குளுக்கோசு, உதாரணம் 400 மீற்றர். மூன்றாவது காற்றுச் சுவாசம்: 2 நிமிடத்துக்கு மேல், எரிபொருள் கொழுப்பு, உதாரணம் மரதன். ஒன்றரை மணித்தியால விரிவுரை பத்து வரியில முடிஞ்சிருது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில சுத்துறதும் இந்தப் பக்கத்தின் படம்தான்.

அட்டவணை போடவே கூடாது என்று நான் சொல்லல. மூன்று விஷயத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க அதைவிட வசதியான வடிவம் இல்ல. என் பிரச்சினை, பலகையில விரிவுரையாளர் வரையிற படத்துக்கும் கொப்பியில வந்து விழுற பெட்டிக்கும் இடையில நடக்கிற மாற்றம். பலகையில இருந்தது ஒன்றின் மேல் ஒன்று படிஞ்ச மூன்று வளைகோடுகள். கொப்பியில அது மூன்று அறையாகி, நடுவில சுவரும் வந்திருது. 10ஆவது செக்கன்ல ஒரு கதவு மூடி, அடுத்தது திறக்கிற மாதிரி.

உடம்புக்குள்ள அப்படி ஒன்றும் நடக்கிறதில்ல. தசை சுருங்க ஏ.ரீ.பி. என்ற ஒரே பொருள்தான் வேணும். கையிருப்பில இருக்கிற ஏ.ரீ.பி. முழு வேகத்தில ஓடினால் இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் தாங்கும். அதனால ஓட ஓட அதைத் திரும்பச் செய்யணும். அந்த மூன்று வழியையும் வீட்டுத் தண்ணியா யோசிச்சுப் பாருங்க. பொஸ்போகிரியேட்டின் ஒரு வாளித் தண்ணி: ஒரே வீச்சில ஊத்தலாம், உடனே காலி. ஒட்சிசன் இல்லாமல் கிளைக்கோஜனை உடைக்கிறது கூரைத் தாங்கி: வேகமா வரும், ஆனா அளவு இருக்கு. காற்றுச் சுவாசம் வீதிக் குழாய்: மெதுவாத்தான் வரும், ஆனா நிக்காது. ஓட்டம் தொடங்கின கணமே மூன்றும் திறக்குது. குழாய்க்கு மட்டும் முழு அழுத்தம் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். மூச்சும் இரத்த ஓட்டமும் ஏறணுமே.

இனி நம்ம ஆட்களுக்கு வருவோம். இலங்கை இதுவரை ஒலிம்பிக்கில வென்றது இரண்டே பதக்கம். 1948 லண்டனில, கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தை 51.8 செக்கனில ஓடி வெள்ளி எடுத்தார். 52 வருஷம் கழிச்சு, 2000ஆம் ஆண்டு சிட்னியில சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில ஓடினார். அப்போ கிடைச்சது வெண்கலம். முதலாவதா வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு அது வெள்ளியாச்சு. கொப்பி அட்டவணைப்படி இரண்டு பேரும் ஒரே நடு நிரைதான். 22 செக்கனும் 10க்கும் 120க்கும் இடையில, 51 செக்கனும் அப்படியே. இரண்டு ஓட்டமும் உடம்புக்கு ஒன்றா?

இதை அளந்து பார்த்திருக்காங்க. 2001இல ஸ்பென்சர், காஸ்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நல்ல பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ஓட்டப்பட்டியில ஓட விட்டு, அவங்க எடுத்த ஒட்சிசனையும் அந்த வேகத்துக்குத் தேவையான ஒட்சிசனையும் ஒப்பிட்டாங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒட்சிசன் இல்லாமல் வந்த சக்தி. 200 மீற்றரில காற்றுச் சுவாசத்தின் பங்கு 29 வீதம். 400 மீற்றரில 43. 800 மீற்றரில 66. 1500 மீற்றரில 84. இன்னும் ஒன்று: 400க்கும் அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கும், 15 முதல் 30 செக்கனுக்குள்ளேயே காற்றுச் சுவாசம் முந்தத் தொடங்கிருது. 2 நிமிடம் வரைக்கும் அது காத்துக்கொண்டு நிக்கல.

டங்கன் வைற்றின் கால் தசையை யாரும் அளக்கல. தடை தாண்டுறதுக்குத் தனிக் கணக்கும் வேணும். அளக்கிற முறை மாறினா சில வீதம் கூடக் குறைய வரும் என்பதும் உண்மை. அதையெல்லாம் கழிச்சாலும் 51.8 செக்கன் ஓட்டத்தில ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருக்கமா குழாய்த் தண்ணிதான் ஓடியிருக்கும். அதே நிரையில இருக்கிற சுசந்திகாவுக்கு அது மூன்றில் ஒன்றையும் தொட்டிருக்காது. 800 மீற்றரை 1 நிமிடம் 55 செக்கனில முடிக்கிற ஒரு பையனும் 2 நிமிடத்துக்குள்ள என்பதால அதே நிரைக்குத்தான் போவான். அவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றுச் சுவாசம்.

இது வெறும் எண்ணிக்கைச் சண்டை இல்ல. போகம்பறை மைதானத்தில பின்னேரம் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு யாரோ இந்த அட்டவணையை வச்சுத்தான் திட்டம் போடுறாங்க. "400 மீற்றர் என்றால் இலக்டிக், அதனால நீ நீண்ட ஓட்டம் ஓடத் தேவையில்ல" என்று சொல்றது நேரா அந்த நடுப் பெட்டியிலருந்து வருது. கடைசி 100 மீற்றரில அந்தப் பிள்ளை கால் கனத்துப் பின்வாங்கினா, மனவுறுதி போதாது என்றுதான் பேச்சு வரும்.

ஆக முதல் திருத்தம் கால அளவு நிரலின் தலைப்பில. "கால அளவு" என்று மட்டும் எழுதினா போதாது, "முழு வேகத்தில ஓடும்போது எந்த வழி முன்னுக்கு நிக்குது" என்று எழுதணும். கண்டிக் குளத்தைச் சுத்தி 90 செக்கன் மெதுவா நடந்து பாருங்க. அட்டவணையின்படி அது இலக்டிக் தொகுதி! உண்மையில அந்த வேகத்துக்குக் குழாய்த் தண்ணியே தாராளம். தாங்கியைத் தொட அவசியமே இல்ல. நேரம் மட்டும் தொகுதியைத் தீர்மானிக்காது. நேரமும் உழைப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

எரிபொருள் நிரலிலயும் ஒரு பொறி இருக்கு. "குளுக்கோசு" இரண்டாவது நிரைக்கு, "கொழுப்பு" மூன்றாவது நிரைக்கு என்று பிரிச்சு எழுதினவுடன, ஒட்சிசனோட குளுக்கோசு எரியாது என்ற எண்ணம் வந்திருது. கிளைக்கோஜன் இரண்டு நிரையிலயும் வரணும். ஒரே பொருள்தான், ஒட்சிசனோட முழுசா எரிஞ்சா பல மடங்கு கூட ஏ.ரீ.பி. தரும். கொழுப்பு அதிகமா எரியிறது அந்தக் குளத்தங்கரை நடை மாதிரி மெதுவான வேலையில. போட்டி வேகத்தில மரதன் ஓடுறவங்க பெரும்பாலும் காபோவைதரேற்றை நம்பித்தான் ஓடுறாங்க. முப்பது கிலோமீற்றர் தாண்டினதும் சிலர் திடீரென்று விழுந்து போறது உடம்பில கொழுப்பு முடிஞ்சதால இல்ல, கிளைக்கோஜன் அடிமட்டத்துக்கு வந்ததால.

உதாரண நிரல்தான் எனக்குப் பிடிச்ச இடம், அதிகம் பிழைக்கிற இடமும் அதுதான். கண்டியில இருந்துகொண்டு றக்பியை எந்த நிரையில போடுறது? சிலர் நடுவில போடுவாங்க, சிலர் மெட்ச் ஒரு மணித்தியாலத்துக்கு மேல என்று கடைசியில. இரண்டும் சரியில்ல, ஏன் என்றால் றக்பி ஒரு செயல் இல்ல. நித்தவலையில ஒரு மெட்சை கையில கடிகாரத்தோட பாருங்க. விங் விளையாடுறவன் ஐந்தாறு செக்கன் பறக்கிறான், பிறகு நடக்கிறான், நிக்கிறான், திரும்ப ஓடுறான். ஒரு ஓட்டத்துக்குள்ள வாளி, இரண்டு ஓட்டத்துக்கு இடையில வாளியை நிரப்புறது குழாய். பொஸ்போகிரியேட்டின் பாதி திரும்ப அரை நிமிடம் அளவில எடுக்கும், ஏறத்தாழ முழுசா நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். அந்த நிரப்புதல் ஒட்சிசனை நம்பி நடக்கிறது. 1993இல வந்த ஓர் ஆய்வில சைக்கிளில 6 செக்கன் முழுவேக மிதிப்பைப் பத்துத் தடவை செய்ய வச்சாங்க, இடையில 30 செக்கன் ஓய்வு. முதல் தடவையில பொஸ்போகிரியேட்டினும் கிளைக்கோஜன் உடைப்பும் ஏறத்தாழ சரிபாதி. அதாவது 6 செக்கனிலயே நடு நிரை வேலை செய்யுது! பத்தாவது தடவையில வலு 27 வீதம் விழுந்திருந்தது, கிளைக்கோஜன் உடைப்பும் நல்லாக் குறைஞ்சிருந்தது.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதுற அட்டவணை இப்படி இருக்கும். மூன்று நிரை அப்படியே இருக்கு. ஒரு நிரல் மட்டும் கூடியிருக்கு.

| வழி | முழு வேகத்தில முன்னுக்கு நிக்கிற நேரம் | எரிபொருள் | திரும்ப நிரம்ப | உதாரணம் (நேரத்தோட) |
|---|---|---|---|---|
| பொஸ்போகிரியேட்டின் | முதல் சில செக்கன்கள் | பொஸ்போகிரியேட்டின் | 3–5 நிமிடம் | குண்டு எறிதல்; புறப்பட்ட பஸ்ஸைப் பிடிக்கிற 5 செக்கன் ஓட்டம் |
| ஒட்சிசன் இல்லாமல் கிளைக்கோஜன் | சில செக்கனிலருந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் | தசைக் கிளைக்கோஜன் | இலக்டேற்று குறைய ஒரு மணித்தியாலம் அளவு | 200 மீற்றர், 22 செ. (காற்றுச் சுவாசம் 29%). 400 மீற்றர், 49 செ. (43%) |
| காற்றுச் சுவாசம் | ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பிறகு | கிளைக்கோஜன். வேகம் குறையக் குறையக் கொழுப்பு | கிளைக்கோஜன் நிரம்ப ஒரு நாள் அளவு, சாப்பாட்டைப் பொறுத்து | 800 மீற்றர் (66%). 1500 மீற்றர் (84%). குளத்தைச் சுத்தி நடை |

றக்பி இதில இல்ல, வேணும் என்றுதான் விட்டேன். அதை அட்டவணைக்குக் கீழே இரண்டு வரியில உடைச்சு எழுதுங்க: ஓட்டம் முதலாம், இரண்டாம் நிரை, இடைவெளி மூன்றாம் நிரை. கிரிக்கெட்டில வேகப்பந்து வீசுறவனுக்கும் இதே கதைதான்.

பரீட்சையில "0–10, 10–120" என்று கேட்டால் அதையே எழுதுங்க, புள்ளி போக வேண்டாம். ஆனா பயிற்சிக்குப் போகும்போது அந்தக் கூடுதல் நிரலைப் பாருங்க. 40 மீற்றர் முழுவேக ஓட்டம் ஆறு தடவை, இடையில 30 செக்கன் ஓய்வு என்று திட்டத்தில இருந்தா, தாளில "வேகப் பயிற்சி" என்று எழுதியிருந்தாலும் நாலாவது ஓட்டத்தில வாளி பாதியும் இல்ல. கடிகாரத்தில நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் கூடிக்கொண்டே போறதைப் பார்த்தே அது தெரியும். வேகம்தான் வேணும் என்றால் ஓய்வை மூன்று நிமிடமாக்கணும். திரும்பத் திரும்ப ஓடுற தாக்குப்பிடிப்பு வேணும் என்றால் 30 செக்கனே இருக்கட்டும், தலைப்பை மட்டும் மாத்துங்க.