கோபத்தைக் கோரிக்கையாக்குதல்
மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையின் தையல் ஆலை ஒன்றில், "இந்தப் புழுக்கத்தில் சாகவா? நாளை ஒருவரும் வரமாட்டோம்" என்று சங்கப் பிரதிநிதி ஒருவர் வாட்ஸ்அப்பில் கொதிக்கிறார் எனக் கொள்வோம். கோபம் நியாயமானதே. ஆனால் 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தொழிலாளரில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடி எடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தமாகவே கருதுகிறது. 14 நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது. ஆகவே அவரது இரண்டாம் வாக்கியம் நிர்வாகத்தின் கையில் சாட்சியமாகிவிடும். அதை நீக்கலாம். முதல் வாக்கியத்தை மழுப்பக் கூடாது, கோரிக்கையே அதுதான்: "தையல் கூடத்தில் மூன்று மின்விசிறிகள் பத்து நாட்களாக ஓடவில்லை, இருவர் மயங்கி விழுந்தனர். சங்கத்துடன் பேசும் நாளை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." கெஞ்சும் சொல் ஒன்றும் தேவையில்லை. நகல் தொழிலாளர் துறைக்கும் சென்றால், புகாரே வரவில்லை என்று நிர்வாகம் பின்னர் சொல்ல இயலாது.