கண்ணில் தெரிவதும் கணினியில் இருப்பதும்

ஜமாஅத்தாரின் தொலைபேசிப் பட்டியலை எக்ஸெல்லில் தயாரிக்கிறீர்கள். மதுரைக்குரிய தொலைபேசிக் குறியீட்டை 0452 என அடித்தால் 452 மட்டுமே எஞ்சி நிற்கும். எண்ணின் முன்னுள்ள பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கணினி அதனை நீக்கிவிடுகிறது.

குறியீடுகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்து, Ctrl+1 அழுத்துங்கள். Number பகுதியில் Custom என்பதைத் தேர்ந்து, Type என்னுமிடத்தில் 0000 என எழுதுங்கள். ‘குறைந்தது நான்கு இலக்கங்களைக் காட்டுக’ என்பதே இதன் பொருள். உடனே 0452 தோன்றும்.

ஆயினும் சிவகங்கையின் 04575 தவறாகவே நிற்கும். 4575 என்பதில் நான்கு இலக்கங்கள் ஏற்கெனவே இருப்பதால் பூஜ்யம் சேராது. இரண்டுக்கும் பொருந்துவது இதுவே:

```
"0"0
```

மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே முன்னால் தோன்றும். அடுத்த 0 எண்ணைக் காட்டும்.

மாறியது தோற்றம் மட்டுமே. கட்டத்தைச் சொடுக்கினால், மேலுள்ள பட்டையில் 452 என்றே இருக்கக் காண்பீர்கள். ஆகவே A2-இல் உள்ள குறியீட்டை B2-இல் உள்ள எண்ணோடு இணைக்கையில் பூஜ்யம் மீண்டும் மறைந்துவிடும். அங்கே அதனை நீங்களே சேர்த்திடல் வேண்டும்:

```
="0"&A2&"-"&B2
```