குடும்பத்துக்கே ஒரே கலரா?

விருதுநகர், சிவகாசி பக்கம் காதுகுத்து என்றால் இப்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கலரில் துணி எடுக்கிறார்கள். நாலு பேரும் அரக்கு கலரில் நெருக்கி நின்றால் போட்டோவில் உடம்பெல்லாம் ஒன்றாக ஒட்டிப்போய் முகங்கள் மட்டும் மிதக்கும். பின்னால் மண்டபத்துத் திரையும் சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம்!

இதைவிட, பீரோவில் இருக்கும் அம்மாவின் பட்டுச்சேலையிலிருந்து ஆரம்பிப்பதே சரி. அரக்குச் சேலை, பச்சை பார்டர் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பச்சைப் பாவாடை, அரக்குச் சட்டை. மகனுக்குப் பச்சைச் சட்டை. அப்பாவுக்குச் சந்தனக் கலர் சட்டையும் பச்சைக்கரை வேட்டியும் போதும். மூன்று பேருக்கு எடுத்தால் முடிந்தது. (அம்மாவுக்குப் புதுசு இல்லையா என்று சண்டை வந்தால் கம்பெனி பொறுப்பல்ல...)

ஒரு சிக்கல் உண்டு. பட்டின் பச்சையும் காட்டன் சட்டையின் பச்சையும் கடை லைட்டில் ஒன்றாகத் தெரியும். சாயம் வேறு என்பதால் வெயிலில் ஒன்று நீலமடிக்கும், இன்னொன்று மஞ்சளடிக்கும். அதனால் ரவிக்கை தைத்த மிச்சத் துணியைக் கொண்டுபோய், கடைக்கு வெளியே வெளிச்சத்தில் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் நன்றாகவே வெளிறிய பச்சையை எடுத்துவிடலாம். கிட்டத்தட்டப் பொருந்துகிற பச்சைதான் போட்டோவில் தப்பாகத் தெரியும். வேட்டிக் கரைக்கு இந்தக் கவலையே இல்லை, விரலகலம்தானே.